நடு வருடத்தில் பதவி உயர்வு: வருட மொத்தம் 226 ரூபாய் இடிக்கிறது

செல்வி:
வணக்கம். ஏப்ரல் 2025-ல் மாதம் 36,000 வாங்கிக்கொண்டிருந்தேன். செப்டம்பர் 12 முதல் 45,000 என்று ஆர்டர். ஆனால் ஆர்டர் கையில் கிடைத்தது நவம்பரில்தான். 2025-26க்கு என் மொத்தச் சம்பளம் 4,91,700 என்கிறது அக்கவுண்ட்ஸ். நான் எக்செல்லில் போட்டால் 4,91,474 வருகிறது. பழைய சம்பளத்தில் 164 நாள், புதியதில் 201 நாள். நாட்களை மூன்று தடவை எண்ணிவிட்டேன். எங்கே தப்பு?

```
=432000*164/365+540000*201/365
```

பாலா:
இவ்வளவு எதற்கு? இரண்டுக்கும் சராசரி 40,500. பன்னிரண்டால் பெருக்கினால் 4,86,000. அவ்வளவுதான்.

தணிகை:
பாலா, பழையதில் ஆறு மாதம், புதியதில் ஆறு மாதம் என்றிருந்தால் உங்கள் கணக்கு சரி. இவருக்குப் புதிய சம்பளம் ஆறு மாதத்துக்கு மேல் ஓடுகிறது, அதனால் குறைத்துக் காட்டுகிறது.

செல்வி, நாட்களைச் சரியாகத்தான் எண்ணியிருக்கிறீர்கள். ஆனால் உங்களுக்கு மாதச் சம்பளம். 28 நாள் பிப்ரவரிக்கும் 31 நாள் மார்ச்சுக்கும் அதே 45,000தான் வரும். 365-ஆல் வகுத்தால் ஒவ்வொரு மாதமும் நாளுக்கேற்ப ஏறி இறங்கிவிடுகிறது. உடைக்க வேண்டியது செப்டம்பரை மட்டும்தான்.

11 நாள் பழையது: ஒரு நாளுக்கு 1,200 வீதம் 13,200. 12-ம் தேதி புதிய கணக்கில் சேரும், ஆக 19 நாள், 1,500 வீதம் 28,500. செப்டம்பருக்கு 41,700. முன்னால் ஐந்து மாதம் 1,80,000, பின்னால் ஆறு மாதம் 2,70,000.

```
=36000*5+36000*11/30+45000*19/30+45000*6
```

4,91,700 வரும். நவம்பர் பே ஸ்லிப்பை எடுத்துப் பாருங்கள். செப்டம்பர் அரியர் 5,700, அக்டோபர் அரியர் 9,000, இரண்டும் சேர்த்து 14,700 இருக்க வேண்டும்.

ராஜி:
எனக்கும் போன வருடம் பதவி உயர்வு வந்தது, மத்திய அரசு வேலை. புதிய சம்பளத்தை உயர்வு தேதியிலிருந்தா, அடுத்த இன்கிரிமென்ட் தேதியிலிருந்தா என்று ஒரு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். செல்வி, நீங்கள் எழுதிக் கொடுத்தீர்களா?

தணிகை:
அது அரசு ஊழியருக்கான விதி மேடம். இவருக்கு ஆர்டரிலேயே தேதி போட்டிருக்கிறார்கள்.

செல்வி:
அண்ணா, ஸ்லிப்பை எடுத்துப் பார்த்தேன். அரியர் 14,700, நவம்பர் மொத்தம் 59,700. 226 எங்கே போனது என்று புரிந்துவிட்டது, ரொம்ப நன்றி. இன்னொன்று: வருட போனஸ் சம்பளத்தில் 10 சதவீதம். மார்ச் மாதச் சம்பளத்தைப் பன்னிரண்டால் பெருக்கிப் போட்டால் 54,000, இந்த மொத்தத்தை வைத்தால் 49,170. எதைக் கேட்பது?

பாலா:
54,000-த்தைத்தான் கேட்கணும்! இப்போது வாங்குகிற சம்பளம் அதுதானே.

தணிகை:
அவசரப்படாதீர்கள். போனஸ் கடிதத்தில் "ஈட்டிய சம்பளம்" என்று இருந்தால் 49,170. "மார்ச் 31 அன்றைய சம்பளம்" என்று இருந்தால் 54,000. வெறுமனே "ஆண்டுச் சம்பளம்" என்று இருந்தால் எச்.ஆரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அந்த வரியை அப்படியே இங்கே போட முடியுமா?

செல்வி:
கடிதம் ஆபீஸில் இருக்கிறது அண்ணா. திங்கட்கிழமை பார்த்துவிட்டுப் போடுகிறேன்.