பொட்டலத்தின் படத்தைப் பார்த்து நாய்க்குட்டிக்கு உணவு சொன்ன அனுபவங்கள்

கோவை வாசகி:
மூன்று மாத லாப்ரடார் பெண்குட்டிக்கு வாங்கிய உணவு மூட்டையைப் படமெடுத்து, "இதைக் கொடுக்கலாமா அண்ணி?" என்று என் நாத்தனார் கேட்டிருந்தாள். முன்பக்கத்தில் குட்டியும் பெரிய நாயும் சேர்ந்து நிற்க, "எல்லா வயதுக்கும்" என்று எழுதியிருந்ததால் அவளுக்கு ஐயமே எழவில்லை. பின்பக்கத்தையும் படமெடுத்து அனுப்பச் சொல்லிப் பெரிதாக்கிப் பார்த்தபோது, சத்து அட்டவணைக்குக் கீழே பொடி எழுத்தில், வளர்ந்தபின் 70 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 32 கிலோவும் அதற்கு மேலும் எடையுள்ள நாய்களின் வளர்பருவம் நீங்கலாக, என்றிருந்தது. அந்த வரி இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. மூட்டையைத் திறந்துவிட்டாள், என்ன சொல்வது?

மதுரை நாய்ப்பிரியர்:
வளரும் குட்டிக்குச் சுண்ணாம்புச் சத்து எவ்வளவு கொடுத்தாலும் தகும். புரதம் மிகுந்தால்தான் எலும்பு வளையும். நான் எல்லாக் குட்டிகளுக்கும் கால்சியம் டானிக் சேர்த்தே கொடுக்கிறேன். காலையில் அவித்த முட்டையும் மாலையில் தயிர்ச்சோறும் கொடுங்கள். மூட்டை உணவே வேண்டாம்.

ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர்:
மதுரை நண்பர் சொல்வதில் பாதி சரி: வெறும் இறைச்சியும் சோறும் தின்னும் குட்டிக்குக் கால்சியம் குறையும். முழு உணவு தின்னும் குட்டிக்கு டானிக் சேர்ப்பதுதான் தவறு. ஏறத்தாழ ஆறு மாதம் வரை, மிகுதியாக வரும் கால்சியத்தை உறிஞ்சாமல் தடுக்கும் திறன் குட்டியின் குடலுக்குக் குறைவு. நெதர்லாந்தில் கிரேட் டேன் குட்டிகளிடம் செய்த ஆய்வுகளில், எலும்பைக் கெடுத்தது மிகைக் கால்சியமே, புரதம் அன்று. அம்மா, அட்டவணையில் கால்சியம் எவ்வளவு?

கோவை வாசகி:
குறைந்தபட்சம் 1.7 சதவீதம், ஈரப்பதம் 10 சதவீதம் ஐயா. பேரினக் குட்டிகளுக்கான உச்சவரம்பு 1.8 என்று படித்திருக்கிறேன், அதற்குள்தானே இருக்கிறது?

ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர்:
அந்த வரம்பு ஈரம் நீக்கிய எடைக்கு உரியது. 1.7ஐ 0.9ஆல் வகுத்தால் ஏறக்குறைய 1.9 வருகிறது. அதுவும் குறைந்தபட்ச அளவே. மூட்டைக்குள் அதைவிடக் கூடுதலாகவும் இருக்கலாம். பேரினக் குட்டிகளின் வளர்ச்சியையும் உள்ளடக்கியது என்று தெளிவாக அச்சிட்ட மூட்டைக்கு, ஒரு வாரத்தில் சிறிது சிறிதாக மாற்றுங்கள்.

நாகர்கோவில் மீன் வளர்ப்பவர்:
கப்பிக் குஞ்சுகளுக்கு உணவு வாங்கியபோது எனக்கும் இதுவே நேர்ந்தது. டப்பாவின் முன்பக்கத்தில் வண்ண மீன் படம். பின்பக்கத்தில் மட்டுமே குருணையின் அளவு. குஞ்சின் வாய்க்குள் நுழையாமல் அடியில் தங்கிய தீனி அழுகித் தண்ணீர் கலங்கிவிட்டது.

மதுரை நாய்ப்பிரியர்:
லாப்ரடார் பெண்நாய் பெரும்பாலும் 32 கிலோவைத் தொடாதே! அப்படியிருக்க, அந்த விலக்கு இந்தக் குட்டிக்கு எப்படிப் பொருந்தும்?

கோவை வாசகி:
தாய் 28 கிலோ, தந்தை 34 கிலோ என்று விற்றவர் சொல்கிறார். குட்டி எந்தப் பக்கம் போகும் என்று யாரால் சொல்ல முடியும்? இப்போதைக்கு மூட்டையை மாற்றச் சொல்லிவிட்டேன்.