கலைச்சொல் வேண்டும்: சர்வர் உத்தேசமாகக் கணிக்கும் உடல்நிலைக்கு என்ன பெயர் வைக்கலாம்?

சொல்தேடி எழுதியது:

வணக்கம் நண்பர்களே. பலர் சேர்ந்து ஆடும் சுடும் விளையாட்டுகளைப் பற்றி ஒரு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன், ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டேன். ஒருவர் சுட்டால் குண்டு பட்டதா என்று தீர்ப்பது சர்வர்தான். அதற்கு எதிராளியின் தலை, மார்பு, கை, கால் எல்லாம் அந்தக் கணத்தில் எங்கே இருந்தன என்று அதற்குத் தெரிய வேண்டும். ஆனால் விளையாட்டின் நிலையைப் புதுப்பிக்கும் ஒவ்வொரு டிக்கிலும் எல்லா ஆட்டக்காரர்களுக்கும் முழு அசைவூட்டத்தையும் ஓட்டினால் சர்வர் தாங்காது, அதனால் ஏறக்குறைய ஒரு உடல்நிலையை வைத்துக்கொண்டு குண்டைச் சோதிக்கிறது. இந்த ‘ஏறக்குறைய உடல்நிலை’க்கு ஒற்றைச் சொல் வேண்டும். குண்டு பட்டதா என்று சோதிக்க உடலின் ஒவ்வொரு பகுதியின் மேலும் வைக்கும் ஹிட்பாக்ஸுக்கு ‘அடிப்பெட்டி’ என்று எழுதி வருகிறேன், அதுவும் சரியா என்று சொல்லுங்கள்.

பழைய நிரலர் எழுதியது:

போஸ் என்பதற்குத் தமிழில் ‘கோலம்’ இருக்கிறதே. நின்ற கோலம், இருந்த கோலம், கிடந்த கோலம் என்று காலங்காலமாகச் சொல்லி வருகிறோம். நிற்பது, குந்துவது, படுப்பது என்று விளையாட்டிலும் அதே மூன்றுதான். உங்களுக்கு வேண்டியது ‘உத்தேசக் கோலம்’.

அடிப்பெட்டி வேண்டாம். பெரும்பாலும் அவை பெட்டிகளே இல்லை, இரண்டு முனையும் உருண்ட மாத்திரை வடிவங்கள். ‘படுபகுதி’ என்றால் வடிவம் எதுவானாலும் பொருந்தும். வினைத்தொகை என்பதால் நடுவில் ‘ப்’ போட வேண்டாம்.

வலைப்பின்னல் ஆள் எழுதியது:

இதற்கு ஏற்கெனவே பெயர் இருக்கிறதே. சுட்டவரின் திரையில் எதிராளி எங்கே தெரிந்தாரோ அந்த நேரத்துக்குச் சர்வர் பின்னால் போய்ப் பார்ப்பதைத்தானே சொல்கிறீர்கள்? நாங்கள் ‘தாமத ஈடு’ என்கிறோம். புதுச்சொல் எதற்கு?

பழைய நிரலர் எழுதியது:

அது வேறு, இது வேறு. தாமத ஈடு எந்த நேரத்துக்குப் போவது என்பதைச் சொல்கிறது. அங்கே போய்ச் சேர்ந்த பிறகு முழங்கை எங்கே இருந்தது என்பதுதான் இங்கே கேள்வி. நேரம் மிகச் சரியாக இருந்தும் கோலம் தவறாக இருக்கலாம்.

தனி ஆளாக விளையாட்டு செய்பவர் எழுதியது:

என் கதையைச் சொல்கிறேன், உதவுமா தெரியவில்லை. அன்ரியல் எஞ்சினில் செய்தேன். என் கணினியில் ஆடும்போது எல்லாம் சரி, தனிச் சர்வரில் ஏற்றியதும் குந்தியிருப்பவரின் தலையில் சுட்டால் படவே இல்லை, அவருக்கு மேலே வெறும் காற்றில் சுட்டால் தலையில் பட்டதாக வந்தது. மூன்று வாரம் வலைப்பின்னலைக் குடைந்தேன். கடைசியில் சர்வரில் இருக்கும் எலும்புகளின் இடங்களை என் திரைக்கு அனுப்பி வரைந்து பார்த்தபோதுதான் புரிந்தது, அங்கே எல்லாரும் கைகளை விரித்தபடி தொடக்க நிலையிலேயே நிமிர்ந்து நிற்கிறார்கள்! திரை இல்லாத இடத்தில் எஞ்சின் எலும்புகளைப் புதுப்பிப்பதில்லை. இந்த ஒரு வரியில் சரியானது:

```cpp
Mesh->VisibilityBasedAnimTickOption =
    EVisibilityBasedAnimTickOption::AlwaysTickPoseAndRefreshBones;
```

இப்போது ஆட்டக்காரர்கள் கூடினால் சர்வர் திணறுகிறது. தூரத்தில் இருப்பவர்களுக்கு மட்டும் அசைவூட்டத்தைக் குறைக்கலாம் என்று நினைக்கிறேன். திரையில் அப்படித்தானே செய்கிறோம்?

பழைய நிரலர் எழுதியது:

பாதி சரி. திரையில் தூரம் என்றால் ஒரே ஒரு கேமராவிலிருந்து தூரம். சர்வருக்குக் கேமரா கிடையாது, எதிரே இருக்கும் எவரும் சுடலாம். தொலைநோக்கித் துப்பாக்கி வைத்திருப்பவருக்கு 150 மீட்டரில் நிற்பவரின் தலைதான் திரை நடுவில் பெரிதாகத் தெரியும், நீங்கள் அசைவூட்டத்தைக் குறைத்திருப்பது தூரத்தில் நிற்கும் அந்த ஆளுக்குத்தான். தூரத்தைவிட நேரத்தில் குறைப்பது பாதுகாப்பானது. வேலரன்ட் விளையாட்டைச் செய்தவர்கள் விநாடிக்கு 128 டிக் ஓடும் தங்கள் சர்வரைப் பற்றி 2020இல் எழுதியதில் இந்த வழியைத்தான் சொன்னார்கள்: நான்கு டிக்குக்கு ஒருமுறை மட்டும் அசைவூட்டம், பின்னோக்கிப் போக வேண்டி வந்தால் சேமித்த இரண்டு கோலங்களுக்கு நடுவே கணித்துக்கொள்வது.

கணக்கு வாத்தியார் எழுதியது:

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நாம் இரண்டு வேறு பொருள்களுக்கு ஒரே பெயர் வைக்கப் போகிறோம்.

ஒருவர் நின்ற நிலையிலிருந்து குந்துகிறார், தலை 45 செ.மீ. கீழே வருகிறது, அதற்கு 200 மில்லி விநாடி ஆகிறது, மெல்லத் தொடங்கி மெல்ல முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். 128 டிக்கில் நான்குக்கு ஒன்று என்றால் உண்மையாகக் கணக்கிட்ட கோலங்களுக்கு நடுவே சுமார் 31 மில்லி விநாடி இடைவெளி. இடையில் நேர்கோடாகக் கணித்தால் தலையின் உயரத்தில் வரும் பிழை, நான் போட்டுப் பார்த்த வரையில், மிக மோசமான இடத்திலும் 1 செ.மீ.க்குக் குறைவு. தலையின் ஆரம் 10 செ.மீ. அளவு இருக்கும்போது இது யாருக்கும் தெரியாது.

இப்போது அசைவூட்டமே ஓட்டாத சர்வரைப் பாருங்கள். ‘குந்துகிறார்’ என்ற செய்தி வந்ததும் அது நின்ற கோலத்தை எடுத்துவிட்டுக் குந்திய கோலத்தை வைத்துவிடுகிறது. குந்தத் தொடங்கி 50 மில்லி விநாடியில் சுட்டவரின் திரையில் தலை 7 செ.மீ.தான் இறங்கியிருக்கும், சர்வரிலோ முழுதாக 45 செ.மீ. இறங்கிவிட்டது. 38 செ.மீ. பிழை, தலையைக் குறிவைத்த குண்டு தலைக்கு மேலே போய்விட்டதாகக் கணக்காகிறது. 200 மில்லி விநாடி கழித்து இரண்டும் ஒன்றாகிவிடும், அதனால்தான் ஆடுபவர்கள் ‘சில நேரம் படுகிறது, சில நேரம் படவில்லை’ என்று குழம்புகிறார்கள்.

முதலாவதில் இரண்டு பக்கமும் உண்மை இருக்கிறது, இடைவெளியைச் சுருக்கினால் பிழையும் சுருங்கும். இரண்டாவது வெறும் ஊகம், டிக்கைக் கூட்டினாலும் குறையாது. ஆகவே முதலாவதற்கு ‘இடைக்கோலம்’, இரண்டாவதற்கு மட்டும் ‘உத்தேசக் கோலம்’ என்று பிரிக்க வேண்டும். பாடநூல்களில் வரும் ‘இடைச்செருகல்’ என்ற சொல்லை இங்கே கொண்டுவர வேண்டாம், பழைய நூலில் யாரோ பின்னால் நுழைத்த பாட்டு நினைவுக்கு வரும்.

தனி ஆளாக விளையாட்டு செய்பவர் எழுதியது:

அருமை. அப்படியானால் எதையுமே முன்கூட்டிக் கணக்கிடாமல், எந்த அசைவு, அதில் எந்த நேரம், எதை எவ்வளவு கலப்பது என்ற எண்களை மட்டும் சேமித்துவைத்து, குண்டு ஒருவரின் பக்கத்தில் போனால் மட்டும் அப்போது கோலத்தை உருவாக்கினால்? குண்டு போகாத பக்கம் செலவே இல்லையே.

பழைய நிரலர் எழுதியது:

செய்யலாம், நான் செய்திருக்கிறேன். ஆட்டக்காரரைச் சுற்றி ஒரு பெரிய உருளையை வைத்து, குண்டு அதைத் தொட்டால்தான் எலும்புக் கணக்கு. ஆனால் அந்த எண்களிலிருந்து கோலம் முழுதாகத் திரும்பக் கிடைக்க வேண்டும். முந்தைய பிரேமை நம்பி நகரும் எதுவும், சுருள்வில் போல ஆடும் முதுகு, அடி வாங்கித் தள்ளாடுவது, இவை திரும்பக் கிடைக்காது. அவற்றைப் படுபகுதிகளைத் தொடாத எலும்புகளோடு நிறுத்திக்கொள்ள வேண்டும், அசைவூட்டக் கலைஞரிடம் தொடக்கத்திலேயே சொல்லிவிடுவது நல்லது.

இன்னொன்று. சுடும்போது எதிராளியின் தலை எங்கே தெரிந்தது என்பதையும் சுட்டவரின் பக்கத்திலிருந்து அனுப்பச் செய்யுங்கள். தீர்ப்புக்கு அதை நம்பக்கூடாது, ஏமாற்றுபவர்கள் எதையும் அனுப்புவார்கள். சர்வரின் கோலத்துக்கும் அதற்கும் உள்ள வித்தியாசத்தைப் பதிவில் மட்டும் போடுங்கள். வித்தியாசம் குந்தும்போதும் எழும்போதும் மட்டும் ஏறினால் கோலத்தில் பிழை, எதிராளி நகரும் வேகத்துக்கு ஏற்ப ஏறி இறங்கினால் நேரத்தில் பிழை.

வலைப்பின்னல் ஆள் எழுதியது:

சரி, ஒத்துக்கொள்கிறேன், இவை தாமத ஈட்டுக்குள் அடங்காதவை. ஆனால் ‘படுபகுதி’ எனக்கு இன்னும் ஒட்டவில்லை, படுத்திருப்பவரின் பகுதி என்று படிக்கிறேன், அதுவும் கிடந்த கோலத்தைப் பற்றிப் பேசும் அதே பத்தியில். ‘அடிபடுபகுதி’ என்று நீட்டினால் குழப்பம் போகும்.

சொல்தேடி எழுதியது:

இடைக்கோலம், உத்தேசக் கோலம் இரண்டையும் எடுத்துக்கொள்கிறேன். குந்தும் கணக்கையும் கையேட்டில் சேர்க்கிறேன். அடிபடுபகுதி நீளம்தான், ஆனால் ‘தலையின் அடிபடுபகுதி’ என்று எழுதிப் பார்த்தேன், படிக்க வருகிறது. குண்டு தொட்டபின் எண்களிலிருந்து உருவாக்குகிறோமே, அந்தக் கோலத்துக்கு மட்டும் இன்னும் பெயர் இல்லை. அது உத்தேசமும் இல்லை, இடையும் இல்லை. ‘மீள்கோலம்’ என்று தோன்றுகிறது, யாருக்காவது மறுப்பு உண்டா?