600 மில்லி தண்ணீரில் 4 கிலோ மிதக்குமா?

தேர்வுக்குமரன்: ஒரு கையேட்டில் இந்தக் கேள்வியைப் பார்த்தேன். “4 கிலோ எடையுள்ள பாத்திரம் மிதக்கக் குறைந்தது எவ்வளவு தண்ணீர் வேண்டும்?” விடை 4 கிலோ என்று போட்டிருக்கிறார்கள். என் நண்பன் அரை லிட்டர் சொச்சமே போதும் என்கிறான். யார் சொல்வது சரி?

ஓய்வு வாத்தியார்: கையேடு சொல்வதுதான் சரி, தம்பி. மிதக்கும் பொருள் தன் எடைக்குச் சமமான நீரை வெளியேற்றும் என்பது ஆர்க்கிமிடீஸ் விதி. பாத்திரம் 4 கிலோ என்றால் 4 கிலோ நீரை வெளியேற்றியாக வேண்டும். அரை லிட்டர்தான் இருக்கிறது என்றால் 4 கிலோ எங்கிருந்து வெளியேறும்? பையில் ஐந்நூறு ரூபாயை வைத்துக்கொண்டு நாலாயிரம் செலவு செய்ய முடியுமா?

டாக்யார்டு: வணக்கம் ஐயா. விதி சரிதான். ‘வெளியேற்றும்’ என்ற சொல்தான் உங்களை இழுத்துக்கொண்டு போகிறது. நான் கப்பல் பழுதுபார்க்கும் துறையில் இருந்தவன். எங்களுக்கு டிஸ்பிளேஸ்மென்ட் என்றால் நீர்மட்டத்துக்குக் கீழே கப்பல் பிடித்துக்கொண்டிருக்கும் இடம். அந்த இடத்தில் தண்ணீரை நிரப்பினால் எத்தனை டன் வரும் என்பதுதான் கணக்கு. அந்தத் தண்ணீர் முன்பு அங்கே இருந்திருக்க வேண்டும் என்றோ, எங்காவது ஓடிப் போயிருக்க வேண்டும் என்றோ விதி கேட்பதில்லை.

ஓர் உதாரணம் போட்டுப் பார்ப்போம். வெளிப் பாத்திரம் நேரான சுவருள்ள உருளை, விட்டம் 20 செ.மீ. உள்ளே வைப்பது 19 செ.மீ. விட்டமுள்ள தட்டையடி டப்பா, மணலோடு சேர்த்து 4 கிலோ. டப்பாவின் அடிப்பரப்பு சுமார் 283 ச.செ.மீ. அது 14.1 செ.மீ. ஆழம் அமிழ்ந்தால் பிடிக்கும் இடம் 4,000 க.செ.மீ. விதிக்கு அது போதும். இனி உண்மையில் எவ்வளவு தண்ணீர் ஊற்ற வேண்டும்? சுற்றியுள்ள அரை செ.மீ. இடைவெளியை 14 செ.மீ. உயரத்துக்கு நிரப்ப 430 மில்லி சொச்சம். அடியில் அரை செ.மீ. விட்டு மிதக்க இன்னும் 160 மில்லி. ஆக 600 மில்லிக்குள் வேலை முடிந்தது.

ஓய்வு வாத்தியார்: கணக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 600 கிராம் தண்ணீர் 4 கிலோவைத் தூக்குகிறது என்பதை மனசு ஒப்பவில்லையே. தூக்குகிற பலம் எங்கிருந்து வருகிறது?

டாக்யார்டு: டப்பாவின் அடியை மேலே தள்ளுவது அங்கே உள்ள நீரழுத்தம். அழுத்தம் ஆழத்தை மட்டும்தான் பார்க்கும். பக்கத்தில் அரை செ.மீ. தண்ணீர் இருக்கிறதா, அரை மைல் கடல் இருக்கிறதா என்பது டப்பாவின் அடிக்குத் தெரியாது. 14.1 செ.மீ. ஆழம், ஒவ்வொரு ச.செ.மீ.க்கும் 14.1 கிராம், 283 ச.செ.மீ. பரப்பு. பெருக்கிப் பாருங்கள், 4 கிலோ வருகிறது. அந்தத் தள்ளுதலைக் கடைசியில் தாங்குவது வெளிப் பாத்திரத்தின் அடி. தண்ணீர் நடுவில் நின்று கைமாற்றி விடுகிறது, அவ்வளவுதான்.

தொட்டி முருகன்: நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். நான் பிளம்பர். மேல்தொட்டியில் தண்ணீர் நிரம்பியதும் அடைக்கிற ஃப்ளோட் வால்வு பந்து இருக்கிறதே, அதைக் கழற்றித் தண்ணீரில் போட்டால் கொஞ்சம்தான் அமிழும். கம்பியில் மாட்டிய பிறகு தொட்டி நிரம்பும்போது பாதிவரை அமிழ்ந்துவிடுகிறது. பந்தின் எடை ஏறவில்லை, தண்ணீரும் அதேதான். அப்படியென்றால் விதி பொய்யா?

ஓய்வு வாத்தியார்: பந்தில் ஓட்டை விழுந்து தண்ணீர் ஏறியிருக்கும், முருகன்.

தொட்டி முருகன்: ஐயா, இருபது வருஷமாக இதே வேலை. புதுப் பந்தையே அப்படித்தான் பார்க்கிறேன்.

டாக்யார்டு: முருகன் அண்ணே, கேள்விக்குச் சம்பந்தமில்லாத மாதிரி தெரிந்தாலும் நீங்கள் சொன்னதுதான் இதில் முக்கியம். எடையும் இடம்பிடித்த நீரின் எடையும் சமம் என்பது பொருள் சும்மா மிதக்கும்போது மட்டும்தான். உங்கள் பந்து சும்மா மிதக்கவில்லை, கம்பி அதை அமுக்குகிறது. 11 செ.மீ. பந்து பாதி அமிழ்ந்தால் சுமார் 350 கிராம் நீரின் இடத்தைப் பிடிக்கும். பந்தின் எடை 100 கிராம் என்று வைத்துக்கொண்டால் மிச்சம் 250 கிராம் அளவுக்குக் கம்பியை மேலே தள்ளுகிறது. வால்வை அடைக்கிற பலமே அதுதான். இரண்டும் சமமாக இருந்திருந்தால் வால்வு ஒருநாளும் அடைபடாது, தொட்டி வழிந்துகொண்டே இருக்கும்.

டாக்கில் இதற்கு நேர்மாறாகப் பார்ப்போம். கப்பலை உலர்துறைக்குள் கொண்டுவந்து கதவை அடைத்துத் தண்ணீரை இறைப்பார்கள். கப்பல் 6,000 டன் என்று வையுங்கள். கப்பலின் அடி, தரையில் அதைத் தாங்க வைத்திருக்கும் கட்டைகளைத் தொடும்வரை டிஸ்பிளேஸ்மென்டும் 6,000 டன். தொட்ட பிறகு தண்ணீர் இறங்க இறங்கக் கப்பல் பிடிக்கும் இடம் குறைகிறது. எவ்வளவு ஆழம் அமிழ்ந்திருக்கிறது என்று கப்பலின் பக்கத்தில் காட்டும் ட்ராஃப்ட் குறியைப் பார்த்துக் கணக்கிட்டால் 5,600 டன் வருகிறது என்றால், 400 டன் இப்போது கட்டைமேல் உட்கார்ந்திருக்கிறது. கப்பலின் எடை மாறவே இல்லை. எல்லாக் கட்டைமேலும் சரியாக உட்காருவதற்கு முன், பின்பக்கம் மட்டும் தொட்டிருக்கும் அந்த நேரம்தான் ஆபத்து. கப்பல் சாயப் பார்க்கும். அந்த வித்தியாசத்தை அப்போது எல்லோரும் கவனமாகப் பார்த்துக்கொண்டிருப்போம்.

செல்வி: எனக்குக் கணக்கைவிடக் கை சொல்வதில்தான் நம்பிக்கை. நேற்று செய்து பார்த்தேன். வீட்டில் கிட்டத்தட்ட அதே அளவில் ஒரு டிரம்மும் ஒரு எவர்சில்வர் டப்பாவும் கிடைத்தன. டப்பாவில் மணலைச் சமமாகப் பரப்பி, டப்பாவோடு 4 கிலோ ஆக்கினேன். முதலில் மணல் ஒரு பக்கமாகக் குவிந்து டப்பா சாய்ந்து சுவரில் ஒட்டிக்கொண்டது. அதைச் சரி செய்து 400 மில்லி ஊற்றினேன். மிதக்கவில்லை, அடியில் உட்கார்ந்தே இருந்தது. 600 ஆனதும் விரலால் சுற்றிவிட்டால் சுழன்றது, அமுக்கினால் திரும்ப எழுந்தது. வெறும் கண்ணால் பார்த்தால் மிதக்கிறதா உட்கார்ந்திருக்கிறதா என்று சொல்லவே முடியாது. சுழற்றிப் பார்ப்பதுதான் சோதனை.

ஓய்வு வாத்தியார்: செல்வி, அதை எடைமெஷின்மேல் வைத்துப் பார்த்தீர்களா? மிதக்கும் பொருளின் எடையை நீர் தாங்கிவிட்டதென்றால் மெஷின் 600 கிராம்தானே காட்ட வேண்டும்?

செல்வி: பார்த்தேன் ஐயா. டிரம்மின் எடையைக் கழித்தால் 4.6 கிலோ. மிதக்கிறது என்பதால் எடை எங்கும் போய்விடவில்லை.

டாக்யார்டு: இன்னொரு வழியிலும் அதைச் சரிபார்க்கலாம். டிரம்மின் அடியில் நீரின் ஆழம் 14.6 செ.மீ. பரப்பு 314 ச.செ.மீ. பெருக்கினால் 4.6 கிலோதான் வருகிறது.

ஓய்வு வாத்தியார்: சரி, 600 மில்லியில் மிதக்கும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இன்னொரு இடத்தில் உங்களை மடக்குகிறேன். ஸ்காட்லாந்தில் ஃபால்கர்க் சக்கரம் என்று ஒன்று இருக்கிறது, 2002-இல் திறந்தார்கள். இரண்டு தொட்டிகளில் படகுகளை ஏற்றி 24 மீட்டர் உயரத்துக்குச் சுற்றித் தூக்குகிறது. ஒரு தொட்டியில் படகு இருந்தாலும் மற்றதில் வெறும் தண்ணீர் இருந்தாலும் இரண்டும் ஒரே எடை என்கிறார்கள். படகு உள்ளே வந்தால் எடை கூடாது என்பது அங்கே கதை. செல்வி வீட்டு மெஷினோ 4 கிலோ கூடிவிட்டது என்கிறது. இரண்டும் எப்படி உண்மையாகும்?

டாக்யார்டு: நல்ல இடத்தில் கை வைத்தீர்கள், ஐயா. ஃபால்கர்க்கில் படகு நுழையும்போது தொட்டியின் கதவு கால்வாயை நோக்கித் திறந்திருக்கும். படகு உள்ளே வர, அதே எடையுள்ள தண்ணீர் கால்வாய்ப் பக்கம் போய்விடும். மட்டம் மாறாது. அங்கே நீங்கள் சொன்ன ‘வெளியேற்றம்’ உண்மையாகவே நடக்கிறது. செல்வியின் டிரம்மில் கதவு இல்லை, தண்ணீருக்குப் போக வழியில்லை. அதனால் மட்டம் ஏறியது, எடையும் ஏறியது. விதி ஒன்றுதான். தண்ணீர் போகிறதா இல்லையா என்பது பாத்திரத்தின் சமாச்சாரம்.

தேர்வுக்குமரன்: அப்படியானால் நான் எந்த விடையைப் போடுவது?

ஓய்வு வாத்தியார்: மதிப்பெண் வேண்டுமென்றால் 4 என்று போடு. விடைத்தாள் திருத்துபவர் டிரம் எடுத்து வந்து சோதிக்கப் போவதில்லை.

டாக்யார்டு: எனக்கு அதில் உடன்பாடில்லை. வெளிப் பாத்திரத்தின் வடிவத்தைச் சொல்லாமல் இந்தக் கேள்விக்கு ஒரே விடை கிடையாது. “இடம்பிடித்த நீரின் எடை எவ்வளவு?” என்று கேட்டிருந்தால் 4 கிலோ சரி. ஆட்சேபம் தெரிவிக்க வாய்ப்பிருந்தால் தெரிவித்துவிடு, தம்பி.

ஓய்வு வாத்தியார்: ஆட்சேபத்துக்குப் பதில் வருவதற்குள் அவனுக்கு வயசு வரம்பு தாண்டிவிடும்.

தொட்டி முருகன்: ஒரு சந்தேகம். இடைவெளியைக் குறைத்துக்கொண்டே போனால் ஒரு டம்ளர் தண்ணீரே போதுமா?

டாக்யார்டு: கணக்கின்படி போதும், அண்ணே. பக்கத்திலும் அடியிலும் ஒரு மில்லிமீட்டர்தான் இடைவெளி என்றால் 115 மில்லிக்குள் முடிந்துவிடும். ஆனால் அவ்வளவு ஒடுங்கிய இடத்தில் டப்பா நடுவிலேயே நிற்காது, ஒரு பக்கம் போய் ஒட்டிக்கொள்ளும். ஒட்டினால் சுவரின் உராய்வும் கொஞ்சம் எடையைப் பிடித்துக்கொள்ளும், முருகனின் கம்பி மாதிரி.

செல்வி: கூடவே நீரின் பரப்பு இழுவிசையும் வருமே? அது எவ்வளவு குழப்பும்?

டாக்யார்டு: 4 கிலோவுக்கு முன்னால் சில கிராம்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். அளந்து பார்த்ததில்லை.

செல்வி: ஒன்றுக்குள் ஒன்று நுழைகிற இரண்டு பிவிசி குழாய்த் துண்டு தேடிக்கொண்டிருக்கிறேன். முருகன் அண்ணா, உங்களிடம் கழிவுத் துண்டு இருக்குமா?