அங்கீகார வரம்பு அட்டவணை: பெயரும் நிரல்களும்

உவர்மலையிலிருந்து

வணக்கம். எங்கள் சங்கத்தின் அதிகாரக் கையளிப்பு ஆவணம் 31 பக்கம். யார் எவ்வளவு தொகைக்கு ஒப்புதல் கொடுக்கலாம் என்பதை மட்டும் பிரித்தெடுத்து ஒரு பக்கத்தில் போட்டுக் கொள்வனவுப் பிரிவில் ஒட்டப் போகிறேன். எல்லோரும் 'லுக்கப் டேபிள்' என்கிறார்கள். 'அதிகாரப் பகிர்வு அட்டவணை' சரிவருமா?

மூதூரிலிருந்து

அதிகாரப் பகிர்வு என்றால் இங்கே மாகாண சபையும் 13ஆம் திருத்தமும்தான் நினைவுக்கு வரும். கையளிப்பில் பொறுப்பு கொடுத்தவரிடமும் நிற்கிறது. 'அங்கீகார வரம்பு அட்டவணை' என்று வையுங்கள். பதவி, தொகை என்று இரண்டு நிரல் போதும்.

கிண்ணியாவிலிருந்து

எங்கள் கடைக்கு நான் செய்துவிட்டேனே! வங்கிக்குக் கொடுத்த கையொப்ப மாதிரியைப் பார்த்தே எழுதினேன்.

நிலாவெளியிலிருந்து

கிண்ணியா நானா, காசோலையில் ஒப்பமிடுவது வேறு, செலவை அங்கீகரிப்பது வேறு. அரச அலுவலகங்களில் நிதிப் பிரமாணம் 135 அதிகாரமளித்தல், அங்கீகரித்தல், அத்தாட்சிப்படுத்தல், கொடுப்பனவு என்று பிரித்துத்தான் கையளிக்கிறது.

மூதூர் ஐயா சொன்ன பெயர் பிடித்திருக்கிறது, ஆனால் இரண்டு நிரல் போதாது. எங்கள் அட்டவணையில் 'கிளை முகாமையாளர், 100,000 ரூபாய் வரை' என்று இருந்தது. ஜெனரேட்டர் திருத்திய பில் 84,000 வந்தது, முகாமையாளர் அங்கீகரித்தார். ஆவணத்தின் அடிக்குறிப்போ, ஒரே வேலைக்கு ஒரே வழங்குநரிடமிருந்து 30 நாளுக்குள் வரும் பில்களைக் கூட்டிப் பார்க்கச் சொல்கிறது. மூன்று கிழமைக்கு முன் அதே ஆளுக்கு 38,000 கொடுத்திருந்தோம். கூட்டினால் 122,000. பிராந்திய முகாமையாளரிடம் போயிருக்க வேண்டிய பில் அது. கணக்காய்வில்தான் தெரியவந்தது. தொகையைச் சரியாக எடுத்த நாங்கள், அது எதை எண்ணும் தொகை என்பதை எடுக்கவில்லை.

ஆகவே ஒவ்வொரு வரியிலும் அது 'தனி வரம்பா', 'திரள் வரம்பா' என்று எழுதுங்கள். பக்கத்தில் வாசக இலக்கமும் இருக்கட்டும், சந்தேகம் வந்தால் மூலத்துக்குப் போகலாம். ஒட்டுமுன் ஒவ்வொரு எல்லைத் தொகையையும், அதற்கு ஒரு ரூபாய் கூடவும் குறையவும் வைத்துத் தேடிப்பாருங்கள். ஒரு வரியில் '100,000இற்குக் குறைவாக', அடுத்ததில் '100,000இற்கு மேல்' என்றிருந்தால், சரியாக 100,000 வரும் பில்லுக்கு ஆளே இல்லை.

உவர்மலையிலிருந்து

நன்றி அக்கா. தேடிப்பார்த்தபோது என் பிழையும் தெரிந்தது. 'கணக்காளரின் சிபாரிசுடன் முகாமையாளர்' என்றிருந்ததை 'கணக்காளர் / முகாமையாளர்' என்று சுருக்கியிருந்தேன். யாராவது ஒருவர் போதும் என்றல்லவா வாசிப்பார்கள்! சிபாரிசுக்குத் தனி நிரல் போட்டுவிட்டேன். முதல் நிரலின் தலைப்பு 'பதவி'யா, 'வகிபாகமா'? பதில் கடமை பார்ப்பவருக்கும் அதே வரம்பா?

மூதூரிலிருந்து

வகிபாகம்தான். கதிரையில் இருப்பவருக்கு அதிகாரம்.

நிலாவெளியிலிருந்து

எனக்கு உடன்பாடில்லை. வகிபாகம் என்று எழுதினால் பதில் கடமைக்காரரையும் உள்ளே எடுத்த மாதிரி ஆகிவிடும். ஆவணத்தில் எந்தச் சொல் இருக்கிறது, தம்பி?

உவர்மலையிலிருந்து

ஒரு பக்கத்தில் பதவி, பின்னிணைப்பில் வகிபாகம். பதில் கடமை பற்றி ஒன்றுமே இல்லை. அந்த இடத்தை வெறுமையாக விட்டு, பணிப்பாளர் சபைக்கு எழுதுகிறேன்.