கலைச்சொல் தேவை: 'செபரேஷன் ஆஃப் பவர்ஸ்' (வெள்ளிக்கிழமைக்குள்)

கயல்விழி எழுதியது:

குழுவினருக்கு வணக்கம். நிர்வாகச் சட்டப் பாடநூல் ஒன்றை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். மூன்றாம் அத்தியாயத்தை வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். அதன் தலைப்பே செபரேஷன் ஆஃப் பவர்ஸ்தான், அதாவது சட்டம் இயற்றுவது, நிர்வகிப்பது, தீர்ப்பளிப்பது ஆகிய மூன்றும் வெவ்வேறு கைகளில் இருக்க வேண்டும் என்ற கோட்பாடு. நான் 'அதிகாரப் பகிர்வு' என்று போட்டேன். கூட மொழிபெயர்ப்பவர் 'அதிகாரப் பிரிவினை' என்கிறார். ஏதோ ஒன்றை வைத்துக்கொண்டு போயிருப்போம், ஆனால் இந்த வாக்கியத்தில் வண்டி நின்றுவிட்டது:

"அரசுத் துறை எடுத்த முடிவை ஒரே ஓர் அவை தீர்மானம் போட்டு நீக்குவது, அதிபர் ஆட்சி முறையில் ______க்கு முரண், நாடாளுமன்ற முறையில் முரண் அன்று."

கோடிட்ட இடத்தில் 'பகிர்வு' போட்டால் பொருள் தலைகீழாகிறது. அவையும் துறையும் அதிகாரத்தைப் பகிர்ந்துகொண்டால் அதில் என்ன முரண்?

முத்துராமன் எழுதியது:

செய்தி மேசையில் இருபது ஆண்டுகளாக அதிகாரப் பகிர்வு என்றுதான் எழுதுகிறேன், யாரும் புகார் சொன்னதில்லை. இன்னொன்று, நாடாளுமன்ற முறையில் இந்தக் கோட்பாடே கிடையாது. அமைச்சர்கள் அவையில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆகவே 'முரண் அன்று' என்பதில் வியப்பில்லை. இல்லாத பொருளுக்கு எந்தப் பெயர் வைத்தால் என்ன?

சிவரூபன் எழுதியது:

எங்கள் பக்கம், இலங்கையில், அதிகாரப் பகிர்வு என்றால் மத்திக்கும் மாகாணங்களுக்கும் இடையிலானது. அதை இங்கே போட்டால் எங்கள் மாணவர்கள் பதின்மூன்றாம் திருத்தத்தைப் பற்றி விடை எழுதிவிட்டு வருவார்கள். இந்தக் கோட்பாட்டுக்கு எங்கள் பாடநூல்களில் நெடுநாளாக ஒரு சொல் இருக்கிறது: வலுவேறாக்கம். சட்டத்துறை, நிறைவேற்றுத்துறை, நீதித்துறை என மூன்றின் வலுக்களையும் வேறாக்குதல். புதிதாக ஆக்கத் தேவையில்லை, எடுத்துக்கொண்டால் போதும்.

இளம்பரிதி எழுதியது:

வலு என்பது உங்கள் இயற்பியல் நூல்களில் வாட்டால் அளக்கப்படுவது அல்லவா? நாங்கள் அதைத் திறன் என்கிறோம். வலுவேறாக்கம் என்றதும் எனக்கு மின்மாற்றிதான் நினைவுக்கு வருகிறது.

ஆனால் 'அதிகாரம்' இன்னும் மோசம். அது வடசொல் என்பதோடு, 'அதிகாரப் பிரிப்பு' என்று தமிழ் மாணவனிடம் சொன்னால், 133 அதிகாரத்தையும் எப்படிப் பிரித்தார்கள் என்று விளக்கத் தொடங்குவான். வேர்ச்சொல் 'பகு'. பகு என்பதிலிருந்தே பகிர், பகுதி, பாதி, பால் எல்லாம். பகல்கூட அப்படித்தான். நுகத்தடியின் நடுவில் இரு பக்கத்துக்கும் பொதுவாக நிற்கும் ஆணிக்குப் பகல் என்றே சங்கப் பாட்டில் பெயர். இரு பக்கமும் சாயாமல் நடுவில் நிற்பது! இதைவிடப் பொருத்தமான படிமம் உண்டா? ஆகவே என் பரிந்துரை 'ஆள்வினைப் பகுப்பு'. ஆள்வினை என்றால் ஆளும் வினை.

வேதவல்லி எழுதியது:

இளம்பரிதி, குறளில் ஆள்வினை உடைமை 62-ஆம் அதிகாரம். அங்கே ஆள்வினை என்றால் முயற்சி. 'முயற்சிப் பகுப்பு' என்று நிர்வாகச் சட்டம் எதையும் சொல்லவில்லை. கயலின் வாக்கியத்துக்கு மாலையில் வருகிறேன், அதில் ஒரு வழக்கு இருக்கிறது.

தாமோதரன் எழுதியது:

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். நான் வேலை பார்த்த அலுவலகத்தில் என்மேல் குற்றச்சாட்டுக் குறிப்பாணை கொடுத்தவரே விசாரணையும் நடத்தினார். மேல்முறையீடு செய்தேன். அதற்குள் அவர் பதவி உயர்ந்து மேல்முறையீட்டு அலுவலர் ஆகிவிட்டார். அதையும் அவரே தள்ளுபடி செய்தார். அதிகாரப் பிரிவினை இல்லாததன் விளைவு இதுதானே? என் ஓட்டு பிரிவினைக்கு.

வேதவல்லி எழுதியது:

தாமோதரன், உங்களுக்கு நடந்தது அநீதி, சந்தேகமில்லை. ஆனால் அது ஒரே அலுவலகத்துக்குள் நடப்பது. அமெரிக்காவில் 1946-இல் வந்த நிர்வாக நடைமுறைச் சட்டம், ஒரு வழக்கைப் புலனாய்ந்து வாதாடும் ஊழியர் அதே வழக்கின் முடிவில் பங்கெடுக்கக் கூடாது என்கிறது. ஆங்கிலத்திலேயே அதற்கு வேறு பெயர் இருக்கிறது. நாம் 'பணிப் பிரிப்பு' எனலாம். கயல், இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டுவிடாதீர்கள். துறைகள் விதி போடுகின்றன, உரிமம் தருகின்றன, தகராறு தீர்க்கின்றன. மூன்று வேலையும் ஒரு கூரையின் கீழ் நடக்கும்போது யார் யாரைக் கட்டுப்படுத்துவது என்பதுதான் நிர்வாகச் சட்டத்தின் கேள்வி. வெளிச்சுவர் வேறு, உள்சுவர் வேறு.

சரி, அந்த வாக்கியம். அதன் பின்னால் இருப்பது சட்டா வழக்கு.

ஜகதீஷ் ராய் சட்டா கென்யாவில் பிறந்தவர். பிரிட்டன் கடவுச்சீட்டோடு அமெரிக்காவுக்குப் படிக்கப் போனார். விசா 1972-இல் முடிந்தது. அவரை நாடுகடத்துவதை நிறுத்திவைக்கலாம் என்று 1974-இல் குடியேற்ற நீதிபதி ஒருவர் முடிவு செய்தார். பெயரில்தான் அவர் நீதிபதி, உண்மையில் நிர்வாகத்துறையின் ஆள். அன்றைய சட்டப்படி அந்த முடிவை அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரசுக்கு அனுப்ப வேண்டும். இரண்டு அவைகளில் எது வேண்டுமானாலும் தனியாகத் தீர்மானம் போட்டு அதை நீக்கலாம். 1975 டிசம்பரில் பிரதிநிதிகள் அவை, 340 பேரின் கோப்புகளிலிருந்து ஆறு பேரைப் பொறுக்கி அவர்களின் சலுகையை நீக்கியது. விவாதம் இல்லை, வாக்குக் கணக்கும் பதிவாகவில்லை. அந்த ஆறு பேரில் சட்டாவும் ஒருவர்.

1983-இல் உச்ச நீதிமன்றம் ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில் அந்த ஏற்பாடு செல்லாது என்றது. பெரும்பான்மையின் வாதம் எளிது. சபைக்கு வெளியே இருக்கும் ஒருவரின் சட்ட உரிமையை மாற்றினால் அது சட்டம் இயற்றுவது. சட்டம் இயற்ற வேண்டுமானால் இரு அவைகளிலும் நிறைவேற்றி அதிபர் முன் வைக்க வேண்டும். பாதி வழியில் நின்றுகொண்டு ஆணை போட முடியாது.

நமக்குச் சுவையான இடம் அடுத்தது. தீர்ப்போடு உடன்பட்ட நீதிபதி பவல், இது சட்டம் இயற்றுவதே இல்லை, ஆறு பேருக்குத் தனித்தனியாகத் தீர்ப்புச் சொன்ன வேலை, அதாவது நீதிமன்றத்தின் வேலையை அவை எடுத்துக்கொண்டது என்றார். எதிர்த்து எழுதிய ஒயிட் வேறு மாதிரி: இத்தனை அதிகாரத்தைத் துறைகளிடம் கொடுத்துவிட்டோமே, கையில் ஒரு கயிறாவது வேண்டாமா? ஏறக்குறைய 200 சட்டங்களில் இப்படிப்பட்ட கயிறு இருந்தது.

இப்போது பிரிட்டனைப் பாருங்கள். அங்கே 1946-இன் சட்டப்படி, அமைச்சர் போட்ட விதி அவைகளின் முன் வைக்கப்படும். பெரும்பாலானவற்றை நாற்பது நாளுக்குள் ஏதாவது ஓர் அவை தீர்மானத்தால் நீக்கலாம். அங்கே பேச்சு விதிகளைப் பற்றி, சட்டாவுக்கு நடந்தது தனி ஆளின் கோப்பில். ஆனால் கயிறு ஒன்றுதான். ஒரே அவை, ஒரே தீர்மானம். அமெரிக்காவில் அரசியலமைப்புக்கே விரோதமானது அங்கே அன்றாட அலுவல்.

முத்துராமன் எழுதியது:

அம்மா, அதைத்தானே நானும் சொன்னேன்? அங்கே பிரிவே இல்லை.

வேதவல்லி எழுதியது:

பாதி சரி. ஆள்களில் பிரிவு இல்லை. அமெரிக்காவில் நிர்வாகப் பதவியில் இருப்பவர் காங்கிரஸ் உறுப்பினராக இருக்கவே கூடாது. இந்தியாவில் அமைச்சர் தொடர்ந்து ஆறு மாதம் உறுப்பினராக இல்லாவிட்டால் பதவியே போய்விடும். ஒரு நாடு தடுப்பதை இன்னொரு நாடு கட்டாயமாக்குகிறது. ஆனால் வேலைகளில் பிரிவு இருக்கிறது. சட்டம் வகுத்த எல்லையைத் தாண்டி அமைச்சர் விதி போட்டால், அவைக்கு அவர்மேல் எவ்வளவு நம்பிக்கை இருந்தாலும் நீதிமன்றம் அதைச் செல்லாது என்று சொல்லும். பிரிவே இல்லையென்றால் அந்த எல்லை எங்கிருந்து வந்தது? இந்திய உச்ச நீதிமன்றம் 1955-இல் ராம் ஜவாயா கபூர் வழக்கில், இந்தக் கோட்பாட்டை அரசியலமைப்பு முழுக் கண்டிப்போடு ஏற்கவில்லை, ஆனாலும் வேலைகள் போதுமான அளவு வேறுபடுத்தப்பட்டிருக்கின்றன என்றது.

கயிறு இருக்கிறது என்பதற்காக இழுக்கிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். பிரிட்டனின் காமன்ஸ் அவை அந்த வகையில் ஒரு விதியைக் கடைசியாக நீக்கியது 1979-இல், மண்ணெண்ணெய் விலை பற்றிய ஓர் ஆணையை. அவையின் பெரும்பான்மை அமைச்சரின் சொந்தக் கட்சி, யார் இழுப்பார்கள்? இந்தியாவில் பல சட்டங்கள் விதிகளை முப்பது நாள் அவைகளில் வைக்கச் சொல்கின்றன. மாற்ற வேண்டுமானால் இரு அவைகளும் இசைய வேண்டும், ஆக இழுப்பது இன்னும் கடினம்.

அமெரிக்காவில் 1996-இல் புதுக் கயிறு போட்டார்கள். இரு அவைகளும் தீர்மானம் நிறைவேற்றி அதிபர் கையெழுத்திட்டால் ஒரு துறையின் விதி போகும். ஆனால் தன் துறை போட்ட விதியை நீக்க எந்த அதிபர் கையெழுத்திடுவார்? அதனால் அதிபர் மாறும்போது, முந்தையவர் கடைசி நேரத்தில் போட்ட விதிகள்தான் போகின்றன. 2001-இல் ஒன்று, 2017-இல் ஒரு டஜனுக்கு மேல். லண்டனில் கயிறு தளர்ந்திருப்பது அவையும் அமைச்சரும் ஒரே பக்கம் நிற்பதால். வாஷிங்டனில் இழுக்க மூன்று பேரின் கை சேர வேண்டியிருப்பதால்.

கயல்விழி எழுதியது:

இப்போது வாக்கியம் புரிகிறது. 'பகிர்வு' போய்விட்டது. பிரிவு, பிரிப்பு, பிரிவினை, இவற்றில் எது?

இளம்பரிதி எழுதியது:

பிரிவு தன்வினை, தானாகப் பிரிவது. பிரிப்பு பிறவினை, யாரோ பிரிப்பது. அரசியலமைப்பு பிரிக்கிறது, ஆகவே பிரிப்பு. பிரிவினையில் 'வினை' இருப்பதால் செயலும் சேர்கிறது என்று ஒரு வாதம் வரலாம்.

முத்துராமன் எழுதியது:

வரவேண்டாம். படிப்பினை, கொடுப்பினை, இவற்றில் எந்த வினை இருக்கிறது? அது வெறும் 'இனை' ஈறு. பிரிவினை என்றால் வாசகருக்குச் சொத்துத் தகராறும் நாடு துண்டாவதும்தான் தோன்றும். பகிர்வை விட்டுக்கொடுக்கிறேன், பிரிப்பு இருக்கட்டும். தலைப்பில் ஒன்பதெழுத்துக்குள் அடங்கவும் செய்கிறது.

சிவரூபன் எழுதியது:

அளவு கூடலாம் குறையலாம் என்று வேதவல்லி அம்மாவே இப்போது காட்டினார். பிரிப்பு என்றால் வெட்டிவிட்டது போல இருக்கிறது. வேறாக்கம் என்றால் வேறுபடுத்தினால் போதும், ஆள்கள் ஒன்றாக இருக்கலாம், வேலை வேறாக இருக்கும். 1955 தீர்ப்பும் அதே பொருளில்தானே பேசுகிறது? சொல் பழகாதது என்பதைத் தவிர எதிர்வாதம் எதையும் நான் இங்கே பார்க்கவில்லை.

வேதவல்லி எழுதியது:

சிவரூபன் சொல்வது பொருளளவில் என் கருத்தை விடச் சரி. ஆனால் வெள்ளிக்கிழமை நெருங்குகிறது, படிக்கப்போகும் மாணவர்களுக்கு வலு என்றால் உடல் வலுதான். 'அதிகார வேறாக்கம்' என்று கலந்துகட்டலாம் என்றால் இரண்டு பேரும் என்னை அடிக்க வருவார்கள்.

இளம்பரிதி எழுதியது:

வருவேன்.

கயல்விழி எழுதியது:

நன்றி. 'அதிகாரப் பிரிப்பு' என்று வைக்கிறேன். சொல்லடைவில் 'வலுவேறாக்கம்' என்பதையும் சேர்க்கிறேன். அலுவலகத்துக்குள் நடப்பதற்குப் 'பணிப் பிரிப்பு'. வாக்கியம் இப்படி வருகிறது: "அரசுத் துறை எடுத்த முடிவை ஒரே ஓர் அவை தீர்மானம் போட்டு நீக்குவது, அதிபர் ஆட்சி முறையில் அதிகாரப் பிரிப்புக்கு முரண், நாடாளுமன்ற முறையில் முரண் அன்று." இன்னும் பதினொரு சொற்கள் இருக்கின்றன, நாளை வருகிறேன்.

சிவரூபன் எழுதியது:

சொல்லடைவில் இடம் கொடுத்ததற்கு நன்றி, என் ஓட்டு மாறவில்லை. அப்புறம், 'அதிபர் ஆட்சி முறை' என்று இருக்கிறதே. எங்கள் பக்கம் அதிபர் என்றால் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியர். அதற்கு எப்போது இழை தொடங்கலாம்?