கார் ஸ்கிரீன்ல மேப் கட் ஆகுது – குடும்பக் குழு

நித்யா: கார் விஷயம் தெரிஞ்சவங்க சொல்லுங்க. ஆண்ட்ராய்டு ஆட்டோ அடிக்கடி கட் ஆகுது. மேப் போயி ரேடியோ வந்துடுது, அஞ்சாறு செகண்ட் கழிச்சு தானா திரும்ப வருது. கேபிள்லதான் போடுறேன். வயர்லெஸ்ஸுக்கு மாறிடலாமா?

பெரியப்பா: டவர் கிடைக்காத ரோடா இருக்கும்மா. டேட்டா பேக் முடிஞ்சிருக்கான்னு முதல்ல பாரு.

முரளி மாமா: அண்ணே, நெட் போனா மேப் ஸ்கிரீன்லயே நிக்கும், ரோடு மட்டும் லோடு ஆகாது. இங்க ஸ்கிரீனே ரேடியோவுக்குத் திரும்புது. போனுக்கும் காருக்கும் நடுவுலதான் தொடர்பு அறுது.

முரளி மாமா: நித்யா, ரெண்டு விஷயம் சொல்லு. ஸ்பீடு பிரேக்கர்ல ஏறும்போது போகுதா, சும்மா நிக்கும்போதும் போகுதா? போற நேரத்துல போன்ல சார்ஜ் குறி இருக்கா?

நித்யா: குலுங்கும்போதுதான் அதிகம் மாமா. சார்ஜ் குறி அப்படியேதான் இருக்கு. கேபிள் 2 மீட்டர், பின்சீட் வரைக்கும் எட்டணும்னு வாங்கினது.

கார்த்தி: அக்கா, 100 வாட் கேபிள் ஒண்ணு வாங்கிடு, முடிஞ்சது. தடியா இருக்கும், கட்டே ஆகாது.

முரளி மாமா: தடி வேணும்ங்கிறது பாதி சரி கார்த்தி. ஆனா வாட் கணக்கு கரண்டுக்குத்தான். மேப்பும் பாட்டும் போறது உள்ள இருக்கற மெல்லிசான ரெண்டு டேட்டா கம்பியில. 100 வாட்னு போட்டிருக்கறதால அந்த ரெண்டும் நல்லா முறுக்கி, மேல ஷீல்டு சுத்தியிருக்கும்னு அர்த்தம் இல்ல.

முரளி மாமா: சார்ஜ் நிக்காம மேப் மட்டும் போகுதுன்னா சந்தேகம் டேட்டா கம்பி மேலதான். பிளக் கழுத்துல உள்ளுக்குள்ள அறுந்திருக்கலாம், இல்லன்னா போன் போர்ட்ல பஞ்சு அடைச்சு பின் அரைகுறையா தொடலாம். சார்ஜும் சேர்ந்து போயிருந்தா பிளக்கே லூசுன்னு சொல்லியிருப்பேன்.

சுதா அத்தை: நீளம் ஒரு பிரச்சினையா முரளி? எங்க வண்டியிலயும் நீளமான கேபிள்தான்.

முரளி மாமா: ஆமாக்கா. மலிவான கேபிள்ல கரண்டு கம்பியும் மெல்லிசா 28 கேஜ்தான் இருக்கும். 2 மீட்டர்னா போக வர 4 மீட்டர். 1 ஆம்பியர் இழுத்தா 5 வோல்ட்ல ஏறக்குறைய 0.85 வழியிலேயே போயிடும். அரை மீட்டர்னா 0.2 தான். நெகட்டிவ் கம்பி டேட்டாவுக்கும் பொதுங்கறதால, அதுல விழற வோல்டேஜ் டேட்டாவையும் கலைக்கும். 1 மீட்டருக்குள்ள இருக்கறது நல்லது. எக்ஸ்டென்ஷன், ஹப் எதுவும் நடுவுல வேண்டாம்.

கார்த்தி: அப்போ வயர்லெஸ்தானே பெஸ்ட்? கேபிளே இல்ல 😄

முரளி மாமா: உன் ஸ்கிரீன்ல வயர்லெஸ் உள்ளயே இருந்தா சரி. ப்ளூடூத் அறிமுகம் பண்ணி வைக்கும், அப்புறம் மேப்பும் பாட்டும் வைஃபைலதான் ஓடும். வயர்லெஸ் இல்லாத ஸ்கிரீனை வயர்லெஸ் ஆக்கற டாங்கிள் கதை வேற. அதைக் குத்தறதும் காரோட அதே போர்ட்லதான். கார் போர்ட் ஆடுதுன்னா டாங்கிளும் சேர்ந்து விழும். கோளாறு போன் கேபிள்ல மட்டும்னாதான் டாங்கிள் உன்னைக் காப்பாத்தும்.

சுதா அத்தை: எங்களுக்கு வயர்லெஸ்தான், ரெண்டு நாளா ஏறவே மாட்டேங்குது. என் போன்ல மட்டும்தான், அவர் போன்ல வருது.

முரளி மாமா: உங்க போன்ல விபிஎன் ஏதாவது ஓடுதாக்கா? அதை அணைச்சுட்டுப் பாருங்க.

சுதா அத்தை: ஆபீஸுக்காக போட்டாங்க! அதுதானா...

பெரியப்பா: வயர்லெஸ்ல போன் கொதிக்குதே, அது எதுக்கு?

முரளி மாமா: வைஃபை, ஜிபிஎஸ் ரெண்டும் நிக்காம ஓடுது அண்ணே, அதுக்கு மேல வெயில். வயர்லெஸ் சார்ஜர் தட்டு மேலயும் வெச்சா இன்னும் சூடாகும். தூரப் பயணத்துக்கு நான் கேபிள் பக்கம்தான்.

முரளி மாமா: நித்யா, இப்ப செலவில்லாம ஒரு சோதனை. வண்டி நிக்கும்போது மேப் போட்டுட்டு, போன் பக்க பிளக்கோட கழுத்தை மெல்ல வளை. அப்புறம் கார் பக்கம். எங்க வளைச்சா போகுதோ அங்கதான் கோளாறு. அதுக்கு முன்னாடி போனை ஆஃப் பண்ணி, போர்ட்ல இருக்கற பஞ்சை மரக்குச்சியால எடு. ஊசி வேண்டாம்.

நித்யா: (20 நிமிஷம் கழிச்சு) பஞ்சு உருண்டையா வந்துச்சு 🙈 இப்ப பிளக் ‘டக்’குனு உக்காருது. ஆனா கார் பக்கம் வளைச்சா இன்னும் ஒரு தடவை போகுது.

முரளி மாமா: கேபிள் முனையா, கார் போர்ட்டான்னு பிரிக்கணும். வேற கேபிள் போட்டு அதே மாதிரி வளைச்சுப் பாரு. சார்ஜ் மட்டும் பண்ற கேபிளா இருந்தா ஸ்கிரீன்ல ஒண்ணும் வராது, ஏமாந்துடாதே. கம்ப்யூட்டர்ல மாட்டி "File transfer" கொடுத்தா போட்டோ தெரியணும், அந்த கேபிள்தான் ஆகும்.

கார்த்தி: அக்கா, என்கிட்ட 100 வாட் ஒண்ணு இருக்கு, கொண்டு வரவா?

முரளி மாமா: கொண்டு வா, போட்டோ தெரியுதான்னு பார்த்துட்டு. எவ்வளவு நீளம்?

கார்த்தி: 2 மீட்டர் 😅