புதுப்பிப்பு: டெலிகிராம் குழுவில் விளம்பர இணைப்புகள் நின்றன

என் கேள்வி: "அழைப்பு இணைப்பை மாற்றிய பிறகும் அறிமுகமில்லாத கணக்குகள் எங்கள் தனியார் குழுவில் சேர்ந்து விளம்பர இணைப்புகளைப் போடுகின்றன. எந்த வழியாக வருகிறார்கள்?"

உதவிய அனைவருக்கும் நன்றி. சிக்கலை அவிழ்த்தது, Recent Actions பதிவைப் பார்க்கச் சொன்னவரின் யோசனை. ஒவ்வொருவரும் எந்த இணைப்பு வழியாகச் சேர்ந்தார் என்று அதில் தெரிகிறது. அது 48 மணி நேரம்தான் நிற்கும் என்பதால் உடனே பார்க்க வேண்டும்.

வந்தவர்கள் எல்லோரும் சக நிர்வாகி ஒருவரின் பழைய இணைப்பில் வந்திருந்தார்கள்! இதை நான் எதிர்பார்க்கவில்லை. ஒவ்வொரு நிர்வாகிக்கும் தனி இணைப்பு உண்டு. நான் மாற்றியது என்னுடையதை மட்டும். ஆகவே, "இணைப்பை மாற்றினால் போதும்" என்ற பதில் பாதி சரி. குழுவின் உரிமையாளர் Invite Links பக்கத்தில் மற்ற நிர்வாகிகளின் இணைப்புகளையும் பார்த்து ரத்து செய்யலாம். அப்படியே செய்துவிட்டு, நிர்வாகி ஒப்புதலுடன் மட்டுமே சேரக்கூடிய புதிய இணைப்பை உருவாக்கினோம். வருகை நின்றுவிட்டது.

பழைய குப்பையை ஒவ்வொரு செய்தியாக நீக்கத் தேவையில்லை. ஒரு செய்தியை அழிக்கும்போதே, அனுப்பியவரைத் தடைசெய்து அவருடைய எல்லாச் செய்திகளையும் நீக்கும் தேர்வு வருகிறது.

அறிவிப்பு ஒலியை நிறுத்தச் சொன்ன நண்பருக்கு: அது உறுப்பினருக்கு நிம்மதி தரும், ஆனால் விளம்பர இணைப்புகள் அங்கேயே இருக்கும்.

ஏற்கெனவே சேர்ந்து மௌனமாக இருக்கும் கணக்குகளை அடையாளம் காணும் வழி இன்னும் கிடைக்கவில்லை. அவர்கள் தனிச்செய்தியில் தொல்லை தராதிருக்க உறுப்பினர் பட்டியலை மறைத்து வைத்திருக்கிறோம்.